விரிசலின் வரவு செலவு

கண்ணாடித் தகடு ஒன்றின் நடுவில் ஒரு விரிசல் இருக்கிறது. தகட்டை இருபுறமும் பிடித்து, விரிசலுக்குக் குறுக்காக இழுக்கிறார்கள். கொஞ்சம் இழுத்தால் ஒன்றும் நடப்பதில்லை. இன்னும் இழுத்தாலும் அப்படியே இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட அளவைத் தொட்டதும் விரிசல் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடித் தகடு இரண்டாகப் பிளந்துவிடுகிறது. அந்த அளவு எது, அதை உடைத்துப் பார்க்காமலேயே சொல்ல முடியுமா என்பதுதான் கேள்வி. ஆலன் ஆர்னால்டு கிரிஃபித் என்ற இளம் பொறியாளர் இதற்கு 1920-இல் ஒரு விடை எழுதினார். இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் இருந்த விமான ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்தவர் அவர். கட்டுரை 1921-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் வெளிவந்தது.

அவர் விசாரிக்கத் தொடங்கியது கண்ணாடியை அல்ல, உலோகத்தை. விமான எஞ்சினின் உறுப்புகளில் மெல்லிய கீறல் இருந்தாலே அவை சீக்கிரம் முறிந்தன. மேற்பரப்பை மெருகேற்றினால் அதிக நாள் தாங்கின. கீறல் எப்படிப் பலத்தைக் குறைக்கிறது என்பதற்கு ஒரு விளக்கம் அப்போதே இருந்தது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த சார்லஸ் இங்கிலிஸ், கப்பல் கட்டும் பொறியாளர்கள் கூடிய அவையில் 1913-இல் அதைக் கணக்கிட்டுக் காட்டியிருந்தார். தகட்டில் வட்டமான ஓட்டை ஒன்று இருந்தால் அதன் ஓரத்தில் இழுவிசை மூன்று மடங்காகிறது. ஓட்டை நீள்வட்டமாக ஒடுங்க ஒடுங்க அந்த மடங்கு ஏறிக்கொண்டே போகிறது. இங்கே இழுவிசை என்றால் ஒரு சதுர அலகுப் பரப்பின் மேல் வரும் இழுப்பு. பாடநூல்கள் அதைத் தகைவு என்று சொல்கின்றன; மெகாபாஸ்கலில் அளக்கிறார்கள். ஒரு மெகாபாஸ்கல் என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ பத்து கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம்.

இங்கிலிஸின் கணக்கு சரியானதுதான். ஆனால் அதை விரிசலின் முனைக்குப் பொருத்தினால் இரண்டு சிக்கல்கள் வருகின்றன. 4 மி.மீ. நீள விரிசலின் நுனி ஒரு நானோமீட்டர் ஆரத்துக்குக் கூர்மையாக இருந்தால், நுனியில் இழுவிசை சுமார் 2,800 மடங்காகிறது. நுனி முற்றிலும் கூர்மை என்று வைத்துக்கொண்டால் மடங்கு முடிவிலிக்குப் போய்விடும். அப்படியானால் கூரிய விரிசல் உள்ள எந்தக் கண்ணாடியும் விரல் பட்டாலே உடைய வேண்டும், உடைவதில்லை. இரண்டாவது சிக்கல் இன்னும் நுட்பமானது. அந்தச் சூத்திரத்தில் மடங்கைத் தீர்மானிப்பது ஓட்டையின் வடிவம் மட்டுமே, அளவு அல்ல. ஒரே வடிவமுள்ள சிறு கீறலும் பெரிய கீறலும் ஒரே இழுவிசையில் உடைய வேண்டும். உண்மையில் பெரிய கீறல்தான் அதிகம் கெடுதல் செய்கிறது என்பது பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

நுனியில் என்ன நடக்கிறது என்ற கேள்வியையே கிரிஃபித் ஒதுக்கிவைத்தார். நுனியைப் பார்க்காமல் முழுத் தகட்டையும் ஒரு கணக்குப் புத்தகமாகப் பார்த்தார். விரிசல் ஒரு துளி நீண்டால் ஆற்றலில் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு? வரவு செலவை மிஞ்சினால் விரிசல் ஓடும், இல்லையென்றால் நிற்கும்.

முதலில் செலவு. விரிசல் நீளும்போது இதுவரை இல்லாத இரண்டு புதுப் பரப்புகள் பிறக்கின்றன. கண்ணாடியின் உள்ளே ஒரு அணுவைச் சுற்றி எல்லாப் பக்கமும் அணுக்கள் பிணைந்திருக்கின்றன. பரப்பில் இருக்கும் அணுவுக்கு ஒரு பக்கம் பிணைப்பு இல்லை. அந்தப் பிணைப்புகளை அறுத்துப் பரப்பை உண்டாக்க ஆற்றல் வேண்டும். நீர்த்துளியை உருண்டையாக்கும் பரப்பு இழுவிசைக்கும் காரணம் இதுதான். ஒரு சதுர மீட்டர் பரப்பை உண்டாக்கத் தேவைப்படும் ஆற்றலைப் பரப்பு ஆற்றல் என்கிறார்கள். γ என்று குறிக்கிறார்கள். விரிசலின் முழு நீளம் 2a என்று கொள்வோம். நடுவிலிருந்து ஒவ்வொரு நுனிக்கும் உள்ள தூரம் a. அதற்கு மேல் முகம் ஒன்று, கீழ் முகம் ஒன்று. ஆக ஒரு மீட்டர் தடிமனுக்குச் செலவு 4aγ. விரிசல் இரட்டித்தால் செலவும் இரட்டிக்கும், அவ்வளவுதான்.

வரவு எங்கிருந்து வருகிறது? இழுக்கப்பட்ட தகடு என்பது இழுத்துப் பிடித்த ரப்பர் பட்டை போன்றது. அதன் ஒவ்வொரு கன மீட்டரிலும் σ²/2E அளவு மீட்சி ஆற்றல் சேர்ந்திருக்கிறது. σ என்பது இழுவிசை. E என்பது பொருளின் விறைப்பைச் சொல்லும் யங் குணகம். விரிசல் திறந்ததும் அதன் மேலும் கீழும் உள்ள பகுதி தளர்ந்துவிடுகிறது. வெட்டுப்பட்ட துணியை இழுத்தால் வெட்டின் இருபுறமும் துணி தொய்ந்து நிற்பதைப் போல. தளர்ந்த பகுதியில் இருந்த ஆற்றல் விடுபடுகிறது. எவ்வளவு பரப்பு தளர்கிறது என்பதைத்தான் இங்கிலிஸின் கணக்கிலிருந்து எடுக்க வேண்டும். உண்மையில் தளர்வு ஓரிடத்தில் சட்டென்று முடிவதில்லை, படிப்படியாகக் குறைகிறது. ஆனால் மொத்தத்தைக் கூட்டினால் விடை அழகாக வருகிறது: விரிசலை விட்டமாகக் கொண்டு ஒரு வட்டம் வரைந்தால், அதைப்போல இரு மடங்கு பரப்பு முழுவதுமாகத் தளர்ந்ததற்குச் சமம். அதாவது வரவு πσ²a²/E.

முழு விஷயமும் இந்த இரண்டு கோவைகளில் அடங்கியிருக்கிறது. செலவு a-ஐப் பொறுத்து ஏறுகிறது, வரவு a-இன் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுகிறது. சிறு விரிசலுக்குச் செலவு பெரிது. பெரிய விரிசலுக்கு வரவு பெரிது. நடுவில் எங்கோ தராசு சாய்கிறது.

எண்களை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். E 62 கிகாபாஸ்கல், γ சதுர மீட்டருக்கு 1.75 ஜூல் என்று வைத்துக்கொண்டு, தகட்டை 5 மெகாபாஸ்கலில் இழுத்துப் பிடித்திருப்பதாகக் கொள்வோம். ஒரு மீட்டர் தடிமனுக்குக் கணக்கிட்டால், a 1 மி.மீ. ஆக இருக்கையில் இதுவரை ஆன செலவு 7 மில்லிஜூல், வரவு 1.3 மில்லிஜூல்தான். இனி ஒவ்வொரு நுனியும் 0.1 மி.மீ. முன்னேற வேண்டுமென்றால் 0.7 மில்லிஜூல் கூடுதலாகக் கட்ட வேண்டும், கிடைப்பதோ 0.25 மில்லிஜூல். விரிசல் நகராது. a 2.76 மி.மீ. ஆனால் அதே 0.1 மி.மீ. நகர்வுக்குச் செலவு 0.7, வரவும் 0.7. இதுதான் எல்லை. a 4 மி.மீ. ஆனால் வரவு ஒரு மில்லிஜூலுக்குச் சற்று மேலே போய்விடுகிறது, செலவு மாறவில்லை. மிஞ்சிய ஆற்றல் விரிசலை வேகமாகத் தள்ளுகிறது. தள்ளத் தள்ள a வளர்கிறது, மிச்சம் இன்னும் கூடுகிறது. அதனால்தான் கண்ணாடி மெதுவாகக் கிழியாமல் சட்டென்று உடைகிறது.

மாணவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று இங்கே உண்டு. மொத்த வரவு மொத்தச் செலவை எட்டும்போதுதான் உடையும் என்று எழுதிவிடுவார்கள். மேலே உள்ள எல்லைப் புள்ளியில் மொத்தச் செலவு 19.3 மில்லிஜூல், மொத்த வரவு அதில் சரிபாதி. இரண்டும் சமமாக வேண்டுமென்றால் a 5.5 மி.மீ. வரை போக வேண்டும். ஆனால் விரிசல் அவ்வளவு தூரம் காத்திருப்பதில்லை. ஏற்கெனவே இருக்கும் பரப்புகளுக்கான விலை எப்போதோ கட்டப்பட்டுவிட்டது. எந்தக் கல் பட்டோ, எந்த வைர முனை கீறியோ அந்தக் கடன் தீர்ந்துவிட்டது. விரிசலுக்கு முக்கியம் அடுத்த அடிக்கான கணக்கு மட்டுமே. மலை ஏறுகிறவருக்கு உச்சியைத் தாண்டிய அடுத்த அடியிலிருந்தே இறக்கம்தான்; புறப்பட்ட மட்டத்துக்கு வந்து சேரும்வரை அவர் காத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்த அடியின் செலவு 4γ, வரவு 2πσ²a/E. இரண்டையும் சமப்படுத்தினால் உடையும் இழுவிசை கிடைக்கிறது:

σ = √(2Eγ/πa)

இதில் நுனியின் கூர்மை எங்கும் வரவில்லை. முடிவிலி என்ற தொல்லை மறைந்துவிட்டது. விரிசலின் அளவு வந்துவிட்டது; பெரிய கீறல் ஏன் அதிகம் கெடுக்கிறது என்பதும் தீர்ந்தது. விரிசல் நான்கு மடங்கு நீண்டால் தகட்டின் பலம் பாதியாகிறது.

ஒரு சந்தேகம் எழக்கூடும். மேலே சொன்ன கணக்கு தகட்டை இழுத்து இரு முனைகளையும் ஆணியடித்து நிறுத்திவிட்டதுபோல இருக்கிறது. அதற்குப் பதிலாக ஒரு எடையைத் தொங்கவிட்டிருந்தால்? அப்போது விரிசல் நீளும்போது தகடு சற்று நீண்டு எடை கீழே இறங்குகிறது. எடை செய்த வேலையும் கணக்கில் சேருகிறது. அந்த வேலையில் பாதி தகட்டுக்குள்ளேயே மீட்சி ஆற்றலாகப் போய்ச் சேர்ந்துவிடும். மீதிப் பாதிதான் விரிசலுக்குக் கிடைக்கும். அது முன்பு கிடைத்த அதே தொகைதான். பிடித்த விதம் எதுவானாலும் உடையத் தொடங்கும் இழுவிசை மாறுவதில்லை.

கணக்கைச் சோதிக்க கிரிஃபித் தட்டையான தகட்டைத் தேர்ந்தெடுக்கவில்லை. கண்ணாடித் தகட்டை இயந்திரத்தில் பிடித்து ஒழுங்காக இழுப்பது கடினம். பிடிக்கும் இடத்திலேயே உடைந்துவிடும். அவர் மெல்லிய சுவருள்ள கண்ணாடிக் குமிழ்களையும் குழாய்களையும் எடுத்துக்கொண்டார். கண்ணாடி வெட்டும் வைரத்தால் குமிழில் கீறி வேண்டிய நீளத்துக்கு ஒரு விரிசலை உண்டாக்கினார். கீறும்போது கண்ணாடிக்குள் தங்கிவிடும் இறுக்கம் கணக்கைக் கெடுக்கும் என்பதால் குமிழை 450 பாகை செல்சியஸில் சூடாக்கி அந்த இறுக்கத்தைப் போக்கினார். விரிசல் வழியே நீர் கசியாமல் உட்புறம் ஒரு பூச்சுக் கொடுத்து, உள்ளே நீரை அழுத்தி ஏற்றினார். அழுத்தம் ஏற ஏறக் குமிழின் சுவர் எல்லாத் திசையிலும் சமமாக இழுபடுகிறது. விரிசல் ஓடிய அழுத்தத்திலிருந்து இழுவிசையைக் கணக்கிட்டார்.

விரிசலின் நீளவாக்கிலும் இழுப்பு இருக்கிறதே, அது கணக்கைப் பாதிக்காதா? கோட்பாட்டின்படி பாதிக்கக் கூடாது. விரிசலைத் திறக்கும் குறுக்கு இழுப்புக்கு மட்டுமே மதிப்பு. குழாய்களில் அதையும் சோதித்தார். நீளவாக்கு இழுப்பை மாற்றி மாற்றி வைத்தும் உடையும் குறுக்கு இழுவிசை பெரிதாக மாறவில்லை.

குமிழ்களில் கிடைத்த முடிவுகள் நான்கு வரிகளில் அடங்கும். அவர் அங்குலத்திலும் பவுண்டிலும் எழுதியவற்றை இன்றைய அலகுக்கு மாற்றினால், 3.8 மி.மீ. நீள விரிசல் 5.96 மெகாபாஸ்கலில் ஓடியது, 6.9 மி.மீ. விரிசல் 4.30-இல், 13.7 மி.மீ. விரிசல் 3.32-இல், 22.6 மி.மீ. விரிசல் 2.52-இல். சூத்திரம் சொல்வது இதுதான்: ஒரே கண்ணாடியில் E, γ மாறாதவை, ஆகவே உடையும் இழுவிசையை a-இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் எப்போதும் ஒரே எண் வர வேண்டும். மில்லிமீட்டரில் பெருக்கிப் பார்த்தால் 8.2, 8.0, 8.7, 8.5 என்று வருகிறது. விரிசல் ஆறு மடங்கு நீண்டிருக்கிறது, பெருக்கல் தொகை பத்து விழுக்காட்டுக்குள் நிற்கிறது. கடைசிக் குமிழின் விட்டம் இரண்டே அங்குலம், அதில் விரிசல் ஏறக்குறைய ஒரு அங்குலம். அதைத் தட்டையான பெரிய தகடு என்று சொல்வது கொஞ்சம் தாராளம்தான். அப்படியிருந்தும் எண் ஒத்துவந்தது.

இனி γ. அறை வெப்பத்தில் திடக் கண்ணாடியின் பரப்பு ஆற்றலை நேரடியாக அளக்க அவரிடம் வழியில்லை. உருகிய, இளகிய கண்ணாடியில் பரப்பு இழுவிசையை அளக்கலாம். சூடாக்கிய கண்ணாடி இழை தொங்கவிட்ட எடையால் எவ்வளவு தொய்கிறது என்பதைக் கொண்டு, சுமார் 730 பாகையிலிருந்து மேலே பல வெப்பநிலைகளில் அளந்தார். அந்த எண்களை ஒரு கோட்டில் வைத்து, கோட்டை 15 பாகை வரை நீட்டினார். சதுர மீட்டருக்கு 0.54 ஜூல் என்று கிடைத்தது. கண்ணாடியின் E-ஐ 62 கிகாபாஸ்கல் என்று அளந்திருந்தார். இரண்டையும் தன் சூத்திரத்தில் போட்டபோது, அவர் பயன்படுத்திய அலகில் பெருக்கல் தொகை 266 வர வேண்டும் என்று கோட்பாடு சொன்னது. சோதனையில் வந்தது 239. முதல் முயற்சிக்கு இது அபாரமான பொருத்தம். பல நூல்கள் இந்தக் கதையை இந்த இடத்தில் நிறுத்திவிடுகின்றன.

ஆனால் 266 என்ற எண் தவறு.

1921 கட்டுரையில் அச்சான சூத்திரமும் மேலே கொடுத்த சூத்திரமும் ஒன்றல்ல. அதில் பகுதியில் ν என்ற இன்னொரு எண் இருந்தது. அது பாய்சான் விகிதம்: ஒரு பொருளை நீளவாக்கில் இழுத்தால் குறுக்கே எவ்வளவு ஒடுங்குகிறது என்பதைச் சொல்வது. அவருடைய கண்ணாடிக்கு அது 0.251, ஏறத்தாழ கால். காலால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் விடை இரட்டிப்பாகும். வரவைக் கணக்கிடும்போது, விரிசலால் தகட்டின் தொலைதூர எல்லையில் நேரும் மாற்றத்தை அவர் சரியாகக் கையாளவில்லை. விரிசலுக்கு வெகு தூரத்தில் மாற்றம் மிகச் சிறிதுதான். ஆனால் அது பரவியிருக்கும் பரப்பு மிகப் பெரிது. சிறிதைப் பெரிதால் பெருக்கினால் விட்டுவிட முடியாத தொகை வரும். கட்டுரை அச்சுக்குப் போன நிலையிலேயே அவருக்கு இது தெரிந்துவிட்டது. ஆற்றலைக் கணக்கிட்ட முறைக்குத் திருத்தம் வேண்டும், எண்கள் மாறும், ஆனால் அவற்றின் அளவுத்தரம் மாறாது என்று கடைசியில் ஒரு குறிப்புச் சேர்த்தார். 1924-இல் டெல்ஃப்டில் நடந்த பயன்பாட்டு இயந்திரவியல் மாநாட்டில் சரியான வடிவத்தைத் தந்தார்.

சரியான சூத்திரத்தில் அதே E-யையும் அதே γ-வையும் போட்டால் 133 வருகிறது. சோதனை 239-இலேயே நிற்கிறது. பொருத்தம் போய்விட்டது. கண்ணாடி, கோட்பாடு அனுமதிப்பதைவிட ஏறத்தாழ 1.8 மடங்கு பலமாக இருக்கிறது. பின்னோக்கிப் போய், 239 வர வேண்டுமானால் γ எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேட்டால் 1.7 ஜூலுக்குச் சற்று மேல் என்று விடை வரும். மேலே செய்த எடுத்துக்காட்டுக் கணக்கில் 1.75 என்று வைத்துக்கொண்டது அதனால்தான். அளந்த பரப்பு ஆற்றலைப்போல் அது மூன்று மடங்குக்கும் மேல்.

இதனால் கிரிஃபித்தின் கருத்து விழுந்துவிட்டதா என்றால் இல்லை. அவருடைய சோதனைகள் இரண்டு வேறு விஷயங்களைச் சொல்கின்றன, அவற்றைக் கலக்கக் கூடாது. பெருக்கல் தொகை மாறாமல் நின்றது ஆற்றல் கணக்கின் வெற்றி. அதில் γ-வின் மதிப்பு எதுவும் சம்பந்தப்படவில்லை. 266-உம் 239-உம் பக்கத்தில் வந்தது தற்செயல். கோட்பாட்டில் ஒரு பிழை, γ-வில் ஒரு குறைவு, இரண்டும் ஒன்றையொன்று ஏறக்குறைய ஈடுகட்டின.

γ ஏன் குறைவாக இருந்தது? உருகிய கண்ணாடியில் அணுக்கள் நகர்ந்து, பரப்பில் தமக்கு வசதியான இடத்தில் அமர்ந்துகொள்கின்றன. அந்தப் பரப்பின் ஆற்றல் குறைவு. விரிசல் ஓடும்போது பிணைப்புகள் அப்படியே அறுந்துபோகின்றன. அணுக்களுக்கு ஒழுங்குபடுத்திக்கொள்ள நேரமில்லை. ஓடும் விரிசல் கொஞ்சம் ஆற்றலை வெப்பமாகவும் அதிர்வாகவும் வீணாக்குகிறது. ஆகவே நேர்த்தியான, மீட்டெடுக்கக்கூடிய பரப்பு ஆற்றல் என்பது செலவின் கீழ் எல்லை மட்டுமே. உடைப்பின் உண்மையான விலை அதற்கு மேல்தான் இருக்கும். இன்று சாதாரண ஜன்னல் கண்ணாடியை ஈரமில்லாச் சூழலில் வேகமாக உடைத்து அளந்தால் γ-வின் இடத்தில் வரும் எண் சதுர மீட்டருக்குச் சுமார் 4 ஜூல்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் இன்னொரு புதிருக்கும் விடை கிடைக்கிறது. கிரிஃபித் வேண்டுமென்றே கீறாத கண்ணாடியையும் இழுத்துப் பார்த்தார். ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பி 172 மெகாபாஸ்கலில் உடைந்தது. ஆனால் அணுப் பிணைப்புகளின் பலத்திலிருந்து மதிப்பிட்டால் கண்ணாடி பல ஆயிரம் மெகாபாஸ்கல் தாங்க வேண்டும். வித்தியாசத்துக்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும்: கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் ஏற்கெனவே இருக்கின்றன. குமிழ்ச் சோதனையின் எண்ணான 8.3-ஐ 172-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் a சுமார் 0.0023 மி.மீ.; முழு நீளம் ஐந்து மைக்ரோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட வராத கீறல் கண்ணாடியின் பலத்தைத் தின்றுவிடுகிறது. இந்த ஊகம் சரியென்றால், அவ்வளவு பெரிய கீறலுக்கு இடமே இல்லாத மெல்லிய இழை பலமாக இருக்க வேண்டும். அவர் கண்ணாடியை இழைகளாக இழுத்தார். இழை மெலிய மெலியப் பலம் ஏறியது. மூன்று மைக்ரோமீட்டர் சொச்சம் விட்டமுள்ள மிக மெல்லிய இழை 3,400 மெகாபாஸ்கல் வரை தாங்கியது. தடித்த கம்பியைப்போல் இருபது மடங்கு.

கண்ணாடிக் கடைக்காரர் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறார். அளவுகோலை வைத்து வைரத்தால் ஒரே ஒரு கோடு. கோட்டுக்கு நேர் கீழே மெல்லிய தட்டு. தகட்டை மேசை விளிம்பில் வைத்து ஒரு அழுத்து. கோடு கண்ணாடியின் தடிமனில் சிறு பகுதி ஆழமே இருக்கும். ஆனால் தகட்டில் உள்ள எல்லாக் கீறல்களிலும் அதுதான் பெரியது. எல்லை இழுவிசையை முதலில் தொடுவதும் அதுதான். ஒரே கோட்டின் மேல் இரண்டாம் முறை வைரத்தை இழுக்க அவர் சம்மதிக்க மாட்டார். இரண்டாம் இழுப்பு பக்கவாட்டில் சில்லுகளைப் பெயர்த்துப் பல சிறு விரிசல்களை உண்டாக்கும். எது ஓடும் என்று யாருக்கும் தெரியாது.

எல்லா விரிசலும் ஓடத் தொடங்கினால் ஓடியே தீரும் என்பதில்லை. மேலே கண்ட தகட்டில் விரிசல் நீள நீள வரவு ஏறியது, அதனால்தான் நிற்கவில்லை. வரவு இறங்கும்படி ஏற்பாடு செய்தால் விரிசல் தானே நிற்கும். ரஷ்ய இயற்பியலாளர் ஒப்ரெய்மோவ் 1930-இல் மைக்கா என்ற அபிரகத்தில் இதைச் செய்தார். அபிரகப் பாளத்தின் ஓரத்தில் ஒரு ஆப்பைச் செருகி மெல்லிய ஏடு ஒன்றைப் பிரித்தார். ஆப்பின் தடிமன் நிலையானது. விரிசல் முன்னே போகப் போக ஏட்டின் வளைவு தளர்ந்துகொண்டே வரும். வரவு விரிசல் நீளத்தின் நான்காம் அடுக்கின் விகிதத்தில் சரிகிறது. ஆகவே விரிசல் ஓரிடத்தில் வந்து அமைதியாக நிற்கிறது. நின்ற இடத்தை அளந்தால் அந்தப் பொருளின் γ நேரடியாகக் கிடைத்துவிடுகிறது. காற்றில் அளந்தபோது சதுர மீட்டருக்குச் சுமார் 0.38 ஜூல். வெற்றிடத்தில் அளந்தபோது அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். காற்றிலுள்ள ஈரம் பிரிந்த பரப்பில் வந்து ஒட்டிக்கொண்டு செலவைக் குறைத்துவிடுகிறது.

சூத்திரத்துக்கு வரம்புகள் உண்டு. வரவு செலவு சமமாவது உடைவதற்குத் தேவையான நிபந்தனை. அது மட்டும் எப்போதும் போதாது. நுனி மழுங்கியிருந்தால், ஆற்றல் தாராளமாக இருந்தும் பிணைப்பை அறுக்கும் அளவுக்கு இழுவிசை நுனியில் குவியாது. ஓடத் தொடங்கிய விரிசலின் நுனியில் ஒரு ஓட்டை போட்டு நிறுத்திவைக்கும் பழைய பட்டறை வித்தை இதை நம்பித்தான் நடக்கிறது. ஆற்றல் கணக்கில் அந்த ஓட்டையால் பெரிய மாற்றம் இல்லை. மாறியது நுனியின் கூர்மை.

பெரிய வரம்பு உலோகத்தில் வருகிறது. கிரிஃபித் எந்தப் பொருளை நினைத்து ஆராயத் தொடங்கினாரோ, அந்த உலோகத்துக்கே அவர் சூத்திரம் அப்படியே பொருந்தவில்லை. இரும்பின் பரப்பு ஆற்றல் சதுர மீட்டருக்கு இரண்டு ஜூல் அளவில்தான். அதைப் போட்டுக் கணக்கிட்டால் சிறு கீறல் உள்ள எஃகுத் தகடும் கண்ணாடிபோல உடைய வேண்டும். உடைவதில்லை. விரிசல் நுனியைச் சுற்றி உலோகம் நசுங்கி, நீண்டு, உருமாறுகிறது. அந்த உருமாற்றம் விழுங்கும் ஆற்றல் பரப்பை உண்டாக்கும் ஆற்றலைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல். ஓரோவனும் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தின் ஜார்ஜ் இர்வினும் 1940-களின் இறுதியில் தனித்தனியாக ஒரே திருத்தத்துக்கு வந்தார்கள். வரவுப் பக்கத்தைத் தொட வேண்டாம். செலவுப் பக்கத்தில் 2γ-வை எடுத்துவிட்டு, அந்தப் பொருளில் ஒரு சதுர மீட்டர் விரிசலை உண்டாக்க உண்மையில் எவ்வளவு ஆகிறதோ அதைச் சோதனையில் அளந்து போடலாம். அளந்த எண்ணை Gc என்று எழுதுகிறார்கள்; சூத்திரம் σ = √(EGc/πa) ஆகிறது. கண்ணாடிக்கு அது எட்டு ஜூல் அளவில் வரும். நல்ல எஃகுக்குப் பத்தாயிரங்களில் போகும்.

கண்ணாடியிலும் அந்த எண் கல்லில் செதுக்கியது அல்ல. அபிரகத்தில் செய்ததையே ஈரம் இங்கேயும் செய்கிறது. நீர் மூலக்கூறு விரிசலின் நுனிக்குள் புகுந்து, இழுபட்டு நிற்கும் சிலிக்கன்–ஆக்சிஜன் பிணைப்பைத் தாக்கி அறுக்கிறது. உடையும் எல்லைக்குக் கீழே இருக்கும் இழுவிசையிலும் விரிசல் மணிக்குச் சில மைக்ரோமீட்டர், நாளுக்குச் சில மைக்ரோமீட்டர் என்று ஊர்கிறது. a மெல்ல மெல்லக் கூடி ஒரு நாள் எல்லையைத் தொடுகிறது. அதன்பின் மீதி ஓட்டம் நொடிக்குள் முடிந்துவிடும். நேற்றுச் சட்டத்தில் இறுக்கிப் பொருத்திய கண்ணாடி, யாரும் தொடாமலேயே இன்று விடியற்காலை குறுக்கே பிளந்து கிடப்பதன் பின்னால் இருப்பது இந்த ஊர்தல்தான்.